தேங்காய்ச் சட்னி கசந்தால், மாவாக இருந்தால், தண்ணீர் விட்டால்: எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கும் வழி

சட்னி சரியில்லை என்றதும் கை முதலில் போவது உப்பு ஜாடிக்குத்தான். அப்புறம் இன்னொரு பச்சை மிளகாய், அது காரமாகிவிட்டால் இன்னொரு பிடி பொட்டுக்கடலை, அது கெட்டியாகிவிட்டால் தண்ணீர். கடைசியில் பாத்திரம் நிறையச் சட்னி இருக்கும், தேங்காய் ருசி மட்டும் இருக்காது. பல வருஷம் சின்ன அளவில் டிபன் செய்து கொடுத்தவள் நான். நானும் இந்த வட்டத்தில் நிறையச் சுற்றியிருக்கிறேன். பிழை எங்கே நுழைந்தது என்று தெரியாமல் எதையும் சேர்க்கக் கூடாது என்று புரிந்த பிறகுதான் கை படிந்தது. அதனால் இங்கே செய்முறையை விட, குறையை வைத்துக் காரணத்தைப் பிடிக்கிற வழியைத்தான் எழுதுகிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும். நடுத்தரத் தேங்காயில் ஒரு மூடி, துருவினால் சுமார் 100 கிராம் வரும். அதற்குப் பொட்டுக்கடலை 2 மேசைக்கரண்டி, நடுத்தரக் காரமுள்ள பச்சை மிளகாய் 3, தூள் உப்பு அரைத் தேக்கரண்டி. அரைக்கும்போது அரை டம்ளர் தண்ணீர், அரைத்த பிறகு தளர்த்த இன்னும் கால் டம்ளர். நாலு பேர் இட்லிக்கு இது போதும். சென்னைப் பக்கம் உடைத்த கடலை, தெற்கே பொரிகடலை என்று சொல்வதும் இந்தப் பொட்டுக்கடலையைத்தான். இஞ்சி, பூண்டு, புளி, கொத்தமல்லி எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். குறை தேடும் நாளில் அவற்றை ஒதுக்கி வையுங்கள். நாலு சாமானில் தேடுவதே போதுமான வேலை.

இன்னொரு பழக்கமும் தேவை. தாளித்துக் கொட்டுவதற்கு முன் ஒரு கரண்டிச் சட்னியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். கீழே சொல்லப்போகிற பாதி விஷயத்துக்கு விடை அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கும்.

சட்னி கசக்கிறது

முதலில் தனியாக எடுத்து வைத்த கரண்டியையும் தாளித்ததையும் மாற்றி மாற்றி நாக்கில் வையுங்கள். தாளித்தது மட்டும் கசந்தால் தேங்காயையும் மிளகாயையும் சந்தேகப்பட வேண்டாம், பழி தாளிப்புக் கரண்டி மேல்தான்.

தாளிப்பில் கசப்பு வருவதற்குப் பெரும்பாலும் காரணம், அடுப்பை அணைத்த பிறகும் சூடு நிற்காததுதான். இரும்புக் கரண்டி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். உளுத்தம்பருப்பு பொன்னிறமானதும் அணைக்கிறோம். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, பெருங்காயத்தைத் தேடி எடுத்துத் தூவுவதற்குள் பருப்பு செம்பழுப்பாகிவிடும். பெருங்காயத் தூள் இன்னும் மோசம். புகைகிற எண்ணெயில் விழுந்தால் அந்த நொடியே கருகும். கருகிய பெருங்காயத்தின் கசப்பு ஒரு சிட்டிகையிலேயே மொத்தச் சட்னிக்கும் பரவிவிடும். அதனால் வேண்டிய எல்லாவற்றையும் முன்பே ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டுதான் கரண்டியை அடுப்பில் வைக்க வேண்டும். இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். கடுகு வெடித்து அடங்கியதும் உளுத்தம்பருப்பு, அது வெளிர் மஞ்சளைத் தாண்டும்போதே அணைத்துவிட்டு மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, கடைசியாகப் பெருங்காயம். கறிவேப்பிலையில் இருக்கும் ஈரம் எண்ணெயின் சூட்டைக் கொஞ்சம் தணித்துவிடும். அதற்குப் பிறகு பெருங்காயம் விழுந்தால் கருகாது. உடனே சட்னியில் கொட்டிவிடுங்கள்.

கடுகு சரியாக வெடிக்காவிட்டாலும் கசக்கும். ஆனால் அந்தக் கசப்பு சட்னி முழுக்க இருக்காது, பல்லில் கடுகு கடிபடும்போது மட்டும் தெரியும். நல்லெண்ணெயில் தாளிப்பவர்களுக்கு அந்த எண்ணெயின் சொந்தக் கசப்பே லேசாகக் கேட்கலாம். மிளகாய்ப் பொடிக்கு அது அழகு. தேங்காய்ச் சட்னிக்குத் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோதான் பொருந்தும் என்பது என் கட்சி.

கருகிய தாளிப்பைக் கொட்டிய பிறகுதான் கவனித்தீர்களா? கலக்காதீர்கள். எண்ணெயும் பருப்பும் கொஞ்ச நேரம் மேலேதான் மிதக்கும். அகலமான கரண்டியால் மேல் அடுக்கைச் சட்னியோடு சேர்த்து வழித்து எடுத்துவிட்டால் கீழே இருப்பது பிழைத்துக்கொள்ளும். கலக்கிவிட்டால் வழியில்லை.

இனி, தாளிக்காத கரண்டியும் கசக்கிறது என்று வையுங்கள். அப்போது அரைத்த சாமான்களில் மிச்சம் இருப்பதை ஒவ்வொன்றாக வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தேங்காயில் ஒரு சின்னத் துண்டை நன்றாக மென்று, விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருங்கள். நல்ல தேங்காய் கடைசிவரை இனிக்கும். கெட ஆரம்பித்த தேங்காய் முதலில் இனித்துவிட்டு, பிறகு தொண்டை அருகே சோப்பு நுரை பட்டது போல ஒரு காறலைக் காட்டும். அது கற்பனை இல்லை. தேங்காய்க் கொழுப்பு சிதையும்போது அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் பிரிந்து வருகின்றன. சோப்பு காய்ச்சவும் தேங்காய் எண்ணெயைத்தானே எடுக்கிறோம், உறவு நெருக்கமானது. துருவி ஃப்ரிட்ஜில் வைத்து நாலைந்து நாளான தேங்காயில் இது அடிக்கடி நடக்கும். பார்வைக்கு வெள்ளையாகவே இருக்கும், மோந்தாலும் பெரிதாகத் தெரியாது, அரைத்ததும்தான் காட்டிக்கொடுக்கும். இதற்குப் பரிகாரம் கிடையாது. கொட்டிவிட்டு வேறு மூடி உடைப்பதுதான் வழி. புதிதாக உடைக்கும் தேங்காயாக இருந்தால் முதலில் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். புளிப்போ எண்ணெய் வாடையோ இருந்தால் அந்தக் காய் சட்னிக்கு ஆகாது.

தேங்காய் நல்லதாகவே இருந்தாலும் அதன் பழுப்புத் தோல் கசப்பைக் கொடுக்கும். துருவும்போது ஓட்டை ஒட்டிச் சுரண்டினால் தோலும் சேர்ந்து வரும். நெம்பி எடுத்துப் பத்தைகளாக நறுக்கிப் போட்டால் தோல் முழுவதும் ஜாருக்குள் போய்விடும். கொஞ்சமாக இருந்தால் நிறம் மட்டும் மங்கும். நிறைய இருந்து, அதை மையாகவும் அரைத்துவிட்டால் நாக்கில் துவர்ப்பும் கசப்பும் நிற்கும். காய் முற்ற முற்றத் தோலும் கருத்துத் தடிக்கும் என்பதால் முற்றிய காயில் இது கூடுதலாகத் தெரியும்.

அடுத்து பொட்டுக்கடலை. நாலு பருப்பை வாயில் போட்டால் மொறுமொறுவென்று உடைந்து, வறுத்த வாசனையோடு லேசாக இனிக்க வேண்டும். பழையது நமத்துப் போயிருக்கும். நமத்தது மட்டும் என்றால் வெறும் வாணலியில் ஒரு நிமிஷம் சூடு காட்டினால் மீண்டுவிடும். சிக்கு வாடை வந்துவிட்டால் வறுத்தாலும் போகாது. சூடு காட்டுகிறேன் என்று பழுப்பாகும் வரை வறுத்துவிடவும் கூடாது, அது ஏற்கெனவே வறுபட்டு வந்த சரக்கு, மேலும் வறுத்தால் கருகல் கசப்புதான் மிஞ்சும். கடையில் வாங்கும் கடலையில் அங்கங்கே கருத்த பருப்பு கிடக்கும், அதையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மாதத்துக்கு 200 கிராம் வாங்கி இறுக்கமான டப்பாவில் வைப்பது, ஒரு கிலோ வாங்கி ஆறு மாதம் ஓட்டுவதை விட நல்லது.

மிளகாயைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் அதைத்தான் பிடிக்கிறார்கள். பச்சையாக அரைத்த மிளகாய் பச்சை வாடை தரும், காரம் தரும், ஆனால் பெரிதாகக் கசக்காது. காம்போடு போட்டாலோ, வதக்கும்போது தோல் கருகினாலோதான் கசப்பு. வதக்குவது என்றால் அரைத் தேக்கரண்டி எண்ணெயில் தோல் வெளுத்து, அங்கங்கே கொப்புளம் எழும்வரைதான். கருப்புப் புள்ளி வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். எண்ணெயில் போடும் முன்பே மிளகாயை ஒரு கீறல் கீறிவிட்டிருந்தால் வெடித்து முகத்தில் தெறிக்காது.

பக்கத்து வீட்டுச் சட்னி

எங்கள் தெருவில் ஒரு பெண், கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

“அக்கா, ஒரு வாய் பாருங்களேன். ஒரு மாசமா எது பண்ணினாலும் கசக்குது. மிளகாயை மாத்திட்டேன், கடையை மாத்திட்டேன்.”

பார்த்தேன். கசப்பு இருந்தது. அதைவிடப் பெரிதாகக் காரமும் உப்பும் இருந்தன. சட்னி கரண்டியில் இருந்து விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.

“மிளகாய் எத்தனை போட்டே?”

“ஆறு. கசப்புத் தெரியக் கூடாதுன்னு ரெண்டு கூட. அப்புறம் காரம் ஜாஸ்தியாயிடுச்சு, அதனால கடலை ஒரு கை.”

“சரி, ஒரு மாசத்துக்கு முன்னாடி கசக்கலையே. அப்போ என்ன வேற மாதிரி பண்ணினே?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “புது மிக்சி வந்துச்சுக்கா. அதுக்கு முன்னாடி துருவித்தான் போடுவேன். இதுல பத்தையாப் போட்டாலே நைசா அரையுது.”

அங்கேயே பாதி தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஊகத்தில் விடாமல் அவள் வீட்டுக்கே போனோம். மிச்சம் இருந்த மூடியில் இருந்து ஒரு பத்தையை எடுத்துத் தோலைச் சீவி வெள்ளையை மட்டும் மென்றோம், இனித்தது. சீவிய தோலை மட்டும் மென்றோம், அவள் முகம் சுளித்தது. கடலை நன்றாக இருந்தது. மிளகாயிலும் குறை இல்லை. பிறகு இரண்டு கிண்ணம் அரைத்தோம், இரண்டிலும் ஒரே அளவு. ஒன்றில் தோலோடு, ஒன்றில் தோல் சீவி. தாளிக்காமலே இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது. தோலோடு அரைத்ததும் பழைய அளவுக்குக் கசக்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஏன் என்று கேட்டபோது, தான் எப்போதும் மூன்று நாலு நிமிஷம் விடாமல் ஓட்டுவதாகச் சொன்னாள். நான் ஓட்டியது விட்டு விட்டு ஒரு நிமிஷம்தான். நீளமாக அரைத்ததில் தோல் மையாகிச் சட்னி முழுக்கப் பரவியிருக்கிறது.

அன்றைக்குக் கொண்டுவந்த கிண்ணத்தையும் சரிசெய்தோம். கசப்பை வெளியே எடுக்க முடியாது, நீர்க்கச் செய்யத்தான் முடியும். ஆறு மிளகாய்க்கும் ஒரு கை கடலைக்கும் தேங்காய் போதாது என்பதால் தோல் சீவிய இன்னொரு மூடியை உப்பும் மிளகாயும் இல்லாமல் அரைத்துக் கலந்தோம். கால் தேக்கரண்டி சர்க்கரை சேர்த்தோம், கசப்பை நாக்குக்குக் கொஞ்சம் மறைக்க. உப்பு சேர்க்கவே இல்லை. அளவான உப்பு கசப்பை அடக்கும் என்பது உண்மை. ஆனால் அவள் அந்த அளவை எப்போதோ தாண்டியிருந்தாள். எட்டுப் பேருக்கான சட்னி ஆகிவிட்டது, இரண்டு வீட்டுக்கும் அன்றைக்குத் தோசை.

மாவு ருசியாக இருக்கிறது, நேரம் ஆக ஆகக் கெட்டியாகிறது

இது பொட்டுக்கடலையின் வேலை. சட்னியைப் பிடித்து வைக்கவும், தண்ணீர் பிரியாமல் காக்கவும்தான் அதைப் போடுகிறோம். ஒரு மூடிக்கு இரண்டு மேசைக்கரண்டியில் அது மறைந்தே இருக்கும். மூன்றில் தலை காட்டும். நாலைத் தாண்டினால் அது கடலைச் சட்னி, தேங்காய் சும்மா கூட வந்த விருந்தாளி. தேங்காய் விலை ஏறும் மாதங்களில் ஓட்டல் சட்னி திடீரென்று வெளிர் மஞ்சளாகி வழவழவென்று வருவதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை.

அரைத்த கடலை தண்ணீரை உடனே முழுவதும் குடிக்காது. பதினைந்து இருபது நிமிஷத்தில் ஊறி உப்பும். அதனால் மிக்சியில் இருந்து எடுக்கும்போதே வேண்டிய பதத்தில் இருந்தால், சாப்பிட உட்காரும்போது கட்டியாகத்தான் இருக்கும். எடுக்கும்போது நீங்கள் விரும்புவதை விட ஒரு படி தளர்வாக இருக்கட்டும். கரண்டியால் எடுத்துச் சாய்த்தால் விட்டு விட்டு விழாமல் ஒரே ஒழுக்காக இறங்க வேண்டும். இட்லி மேல் ஊற்றினால் பாதி ஓடி, பாதி நிற்கும், அந்தப் பதம்.

ஏற்கெனவே கெட்டியானதில் தண்ணீர் ஊற்றும்போது உப்பும் காரமும் நீர்த்துப் போகும் என்பது பலருக்கும் மறந்துவிடும். கால் டம்ளர் தண்ணீர் ஊற்றினால் இரண்டு சிட்டிகை உப்பையும் அந்தத் தண்ணீரிலேயே கரைத்து ஊற்றுங்கள். மாவு ருசியே தூக்கலாக இருந்தால் தண்ணீர் உதவாது. கொஞ்சம் தேங்காயைத் தனியாக அரைத்துச் சேர்த்தால்தான் மாறும்.

தண்ணீர் பிரிகிறது, திப்பி திப்பியாக இருக்கிறது

தட்டில் சட்னியைச் சுற்றி ஒரு வெள்ளைத் தண்ணீர் வளையம் நின்றால் இரண்டில் ஒன்று: கடலை குறைவு, அல்லது தேங்காய் அரைபடவில்லை. விரலில் தேய்த்துப் பாருங்கள். சொரசொரவென்று சக்கை தட்டினால் அரைப்பில் குறை, வழுவழுவென்று இருந்தும் தண்ணீர் விட்டால் கடலையில் குறை.

அரைப்பில் குறை வருவதற்குப் பெரும்பாலும் தண்ணீரை முதலிலேயே ஊற்றுவதுதான் காரணம். தேங்காய்த் துண்டுகள் தண்ணீரில் நீந்தி, பிளேடுக்கு அகப்படாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அம்மியில் அரைத்தவர்கள் வரிசையைப் பார்த்தால் விஷயம் புரியும். உப்பையும் மிளகாயையும் முதலில் நசுக்குவார்கள், பிறகு கடலை, கடைசியில்தான் தேங்காய். தண்ணீரோ தெளிப்பதோடு சரி. மிக்சியிலும் அதே வரிசைதான். மிளகாய், உப்பு, கடலையை உலர்வாக ஒரு சுற்று, அப்புறம் தேங்காயைப் போட்டுத் தண்ணீரில்லாமல் இரண்டு சுற்று, வழித்துவிட்டு மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர், கெட்டி விழுதாக அரைந்த பிறகு மீதித் தண்ணீர். இந்த வரிசையில் மிளகாய் எங்கும் முழுத்துண்டாகச் சிக்காது, காரம் ஒரே சீராக இருக்கும்.

கடலைதான் குறை என்றால், ஒரு மேசைக்கரண்டிக் கடலையை உலர்ந்த ஜாரில் நைசாகப் பொடித்துத் தூவிக் கலக்கிப் பத்து நிமிஷம் விடுங்கள். முழுக் கடலையை நீர்த்த சட்னியில் போட்டு அரைத்தால் அது அரைபடாது.

எண்ணெய் மிதக்கிறது, வாயில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது

தாளிக்காத சட்னியிலும் இது நடந்தால் தேங்காய்க் கொழுப்பு பிரிந்திருக்கிறது. தேங்காயின் கொழுப்பு சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மேலே இளகும். ஃப்ரிட்ஜில் இருந்து நேராக எடுத்த துருவலை அரைத்தாலோ, ஐஸ் தண்ணீர் ஊற்றினாலோ கொழுப்பு சின்னச் சின்ன மணியாகத் திரளும், அதுதான் அந்த மெழுகு. மறுபக்கம், ஜார் சூடேறும் வரை விடாமல் ஓட்டினால் கொழுப்பு உருகி எண்ணெயாக வெளியே வரும். ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பைத் தாண்டியிருந்தால் நிறுத்த வேண்டிய நேரம் போய்விட்டது. ஃப்ரிட்ஜ் துருவலை அரை மணி நேரம் வெளியே வைத்தோ, வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தோ அரைத்தால் முதல் குறை வராது. விட்டு விட்டு அரைத்தால் இரண்டாவது வராது.

காரம் அதிகம், அல்லது மிளகாய் பச்சையாக வாடை அடிக்கிறது

மிளகாயின் காரம் விதையை விட, விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில்தான் கூடுதல். அதனால் காரம் குறைய வேண்டுமென்றால் விதையை மட்டும் தட்டிவிட்டால் போதாது, நரம்பையும் சுரண்டி எடுக்க வேண்டும். எண்ணிக்கையை நம்பி மிளகாய் போடுவதும் சரிவராது. ஒல்லியாகக் கரும்பச்சையில் இருப்பது மூன்று போட்டால் குழந்தைகள் தொட மாட்டார்கள், தடித்து வெளுத்ததாக இருந்தால் ஐந்து கூடப் போதாது. நுனியை அல்ல, காம்புப் பக்கம் ஒரு சின்னத் துண்டை வெட்டி நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

அரைத்த பிறகு காரம் தெரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். காரம் கொழுப்பில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தேங்காய்தான் மருந்து. தேங்காய் இல்லாவிட்டால் இரண்டு மேசைக்கரண்டிக் கெட்டித் தயிர், சட்னி வேறு சட்னியாக மாறும் என்று தெரிந்தே.

பச்சை வாடைக்கு மிளகாயை வதக்குவது ஒரு வழி. வதக்கப் பிடிக்காதவர்கள் தாளிப்பைச் சூடாகக் கொட்டி, மூடாமல் கலக்கிவிட்டாலும் வாடை தணியும். எனக்கு அந்த வாடை கொஞ்சம் இருப்பதுதான் பிடிக்கும், அதனால் நான் பாதி மிளகாயை வதக்கி, பாதியைப் பச்சையாகப் போடுகிறேன்.

உப்பு சப்பென்று இருக்கிறது, பத்து நிமிஷத்தில் கரிக்கிறது

கல் உப்பு போடுபவர்களுக்கு வரும் குறை. கெட்டியான சட்னியில் கல் உப்பு முழுதாகக் கரைய நேரம் எடுக்கும். அரைத்தவுடன் ருசி பார்த்து இன்னொரு சிட்டிகை போடுவோம், அதற்குள் முதலில் போட்டது கரைந்து சேர்ந்துகொள்ளும். கல் உப்பை மிளகாயோடு முதல் சுற்றிலேயே பொடித்துவிட்டால் இந்த ஏமாற்றம் இல்லை. தேக்கரண்டிக்குத் தேக்கரண்டி என்று அளந்தால் கல் உப்பின் எடை தூள் உப்பை விடக் குறைவாக இருக்கும், இடையில் காற்று இருக்கிறதல்லவா. ஆகவே மாற்றும்போது கொஞ்சம் கூட்டித்தான் அளக்க வேண்டும்.

உப்பைத் தனியாக நக்கிப் பார்க்காமல் இட்லித் துண்டோடு தொட்டுப் பாருங்கள். மாவிலும் உப்பு இருக்கிறது. வெறும் சட்னியில் தெரியும் உப்பும் இட்லியோடு சேர்ந்து தெரியும் உப்பும் ஒன்றாக இருக்காது. உப்பு உண்மையிலேயே போதவில்லை என்றால் சட்னி வெறும் சப்பென்று மட்டும் இருக்காது, கடலையின் மாவு ருசியும் தேங்காய்த் தோலின் துவர்ப்பும் முன்னால் வந்து நிற்கும். அதைக் கசப்பு என்று நினைத்து வேறு எங்கோ தேடுவதும் உண்டு. அதனால் கசப்புத் தேடலைத் தொடங்கும் முன், ஒரே ஒரு கரண்டிச் சட்னியில் ஒரு சிட்டிகை உப்பைக் கலந்து பார்த்துவிடுங்கள். அந்தக் கரண்டி சரியாகிவிட்டால் தேடல் அங்கேயே முடிந்தது.

மத்தியானத்துக்குள் புளித்துவிடுகிறது

வெயில் காலத்தில் வெளியே வைத்தால் மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். மேலே சின்னக் குமிழி, கலக்கினால் நூல் போல இழுவை, இரண்டில் எது தெரிந்தாலும் ருசி பார்க்கக்கூட வேண்டாம். சூடான தாளிப்பைக் கொட்டி உடனே மூடுவது இதைத் துரிதப்படுத்தும். மூடிக்குள் வியர்த்த தண்ணீர் சட்னியில்தான் விழும். மத்தியானத்துக்கும் வேண்டுமென்றால் பாதியைத் தண்ணீர் குறைவாக அரைத்த விழுதாகவே, தாளிக்காமல், எடுத்தவுடன் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வேண்டும்போது அரை மணி முன்பாக வெளியே எடுத்து, உப்புக் கரைத்த தண்ணீரில் தளர்த்தி, புதிதாகத் தாளித்துக்கொள்ளலாம்.